வைவாவில் முதல் ஒரு நிமிடம்: தேர்வாளருக்கும் குழுவுக்கும் முறையாக வணக்கம் சொல்வது எப்படி?

ஆய்வேட்டை ஒப்படைத்தாயிற்று. தேர்வாளர்களின் அறிக்கைகள் வந்து, பல்கலைக்கழகத்திலிருந்து வாய்மொழித் தேர்வுக்கான கடிதமும் வந்துவிட்டது. ஸ்லைடுகளை நான்கு முறை திருத்தி, என்னென்ன கேள்வி வரும் என்று நண்பர்களோடு உட்கார்ந்து எழுதியும் வைத்தாயிற்று. "சரி, எழுந்து நின்றதும் முதல் வாக்கியம் என்ன சொல்லப் போகிறீர்கள்?" என்று கேட்டால் மட்டும் பெரும்பாலானவர்கள், "எல்லாருக்கும் வணக்கம்னு சொல்லிட்டு ஆரம்பிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள்.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்துக் கல்லூரிகளில் நடக்கும் வைவாக்களில் பல ஆண்டுகளாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டு வருகிறேன். நான் பார்த்தவரை தடுமாற்றம் ஆய்வுப் பகுதியில் வருவதைவிட இந்த முதல் நிமிடத்தில்தான் அதிகம் வருகிறது. யாரை முதலில் சொல்வது, பெயருக்கு முன்னால் என்ன போடுவது, "அவர்களே" என்பதா "அவர்களுக்கு" என்பதா, பட்டியலை எங்கே நிறுத்துவது என்று எதையும் முன்கூட்டி முடிவு செய்யாமல் மைக்கின் முன்னால் நின்று யோசிப்பதால் வரும் தடுமாற்றம் இது. கலைப்பிரிவில், தமிழில் நடக்கும் வைவாவை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். மற்றத் துறைக்காரர்களுக்குப் பொருந்துவதைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வேறுபாடு: வரவேற்பு வேறு, வணக்கம் வேறு

நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு இது. ஆய்வாளர் எழுந்து, "இந்த இனிய காலை வேளையில் வருகை தந்திருக்கும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறேன்" என்று தொடங்குவார். ஆண்டுவிழாவில் வரவேற்புரை சொல்லிப் பழகிய நாக்கு அப்படித்தான் போகும். ஆனால் வரவேற்க வேண்டியவர் வீட்டுக்காரர். வைவாவில் வீட்டுக்காரர் கல்லூரி. கல்லூரியின் சார்பில் நெறியாளரோ துறைத்தலைவரோ வரவேற்பார், புறத்தேர்வாளரை அவைக்கு அறிமுகப்படுத்துவார், பொன்னாடை போர்த்துவதாக இருந்தால் அதுவும் அப்போதே முடிந்துவிடும். நீங்கள் அங்கே தேர்வு எழுத வந்தவர். தேர்வு எழுத வந்தவர் தேர்வாளரை வரவேற்பதில்லை, வணங்குகிறார்.

இதைப் புரிந்துகொண்டாலே உங்கள் தொடக்கத்திலிருந்து பாதிச் சொற்கள் உதிர்ந்துவிடும். தேர்வாளர் எழுதிய நூல்களை நீங்கள் அடுக்க வேண்டாம், அறிமுகத்தில் அது வந்துவிடும். நன்றியும் இப்போது வேண்டாம், அதற்குக் கடைசியில் தனி இடம் இருக்கிறது. தொடக்கத்தில் உங்களுக்கு இருப்பவை மூன்றே காரியங்கள்: அவையில் இருப்பவர்களை முறைப்படி விளித்து வணக்கம் சொல்வது, உங்கள் பெயரையும் தலைப்பையும் சொல்வது, ஆய்வை முன்வைக்க அனுமதி கேட்பது.

படி 1: யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்வது

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டை நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத்தேர்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வுக் குழுவில் நெறியாளரும் அந்தப் புறத்தேர்வாளர்களில் குறைந்தது ஒருவரும் இருக்க வேண்டும். இணையவழியாகவும் நடத்தலாம். ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர்கள், பேராசிரியர்கள், பிற ஆய்வாளர்கள் எல்லாரும் வந்து கேட்கலாம்.

இதிலிருந்து உங்கள் வணக்கத்துக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, அவையில் இருப்பவர்கள் இரண்டு வகை. உங்களை மதிப்பிடுபவர்கள் ஒரு வகை, கேட்க வந்தவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி விளிக்க வேண்டும். இரண்டாம் வகையில் முதல்வர், துறைத்தலைவர், ஆலோசனைக் குழுவினர் போன்ற பொறுப்பாளர்களுக்கு மட்டும் பெயர், மற்றவர்களுக்குப் பொதுவாகச் சொன்னால் போதும்.

இரண்டாவது செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. அறிக்கை அனுப்பிய இன்னொரு புறத்தேர்வாளர் அன்று வராமல் இருக்கலாம். அவருக்கு வணக்கம் சொல்ல வேண்டாம். அவர் யார் என்று ஊகித்துப் பெயரைச் சொல்லவே கூடாது. அவருடைய அறிக்கையில் உள்ள கேள்விகள் வாசிக்கப்பட்டால், பதில் சொல்லும்போது "அறிக்கையில் தேர்வாளர் கேட்டிருப்பது" என்று சொல்லிக்கொண்டால் போதும்.

வருபவர்களின் பட்டியலைத் தேர்வுக்கு இரண்டு நாளைக்கு முன் நெறியாளரிடம் உட்கார்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள். முதல்வர் வருவாரா, வந்தால் தொடக்கத்தில் மட்டும் இருந்துவிட்டுக் கிளம்பிவிடுவாரா, பல்கலைக்கழகத்திலிருந்து யாராவது வருகிறார்களா என்று கேட்க வேண்டும். புறத்தேர்வாளரை நீங்களே போனில் அழைத்து, "சார், உங்க பேர எப்படிப் போடணும்?" என்று கேட்காதீர்கள். தேர்வுக்கு முன் தேர்வாளரோடு ஆய்வாளர் நேரடியாகத் தொடர்பு கொள்வது முறையல்ல. எதுவானாலும் நெறியாளர் வழியாகவே போகட்டும்.

படி 2: பெயர், தலைப்பெழுத்து, பதவி

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் தவறியது இங்கேதான். என் வைவாவுக்கு வந்த புறத்தேர்வாளரின் பெயர், எனக்குக் கிடைத்த கடிதத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. தலைப்பெழுத்து `S`. நான் அதை "ச." என்று தமிழாக்கி, அட்டையில் எழுதி, மைக்கில் கணீரென்று வாசித்தேன். அவருக்கு அது "செ.". அவர் கோபப்படவில்லை. மெதுவாக, "செ.தான் தம்பி, எங்கப்பா பேரு" என்றார். அவ்வளவுதான். எனக்கு அதன் பிறகு மூன்று ஸ்லைடுகள் வரை தொண்டை சரியாகவில்லை. அவருடைய தந்தையின் பெயரை நான் அவை நடுவே மாற்றிச் சொல்லியிருக்கிறேன் என்பது அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்தாக நிற்கும் `S`, தமிழில் ச., சா., சி., சு., செ., சே., சொ., ஸ்ரீ., ஷ. என்று எதுவாகவும் இருக்கலாம். `P` என்றால் ப., பா., பி., பு., பெ., பே., பொ. எல்லாம் அதற்குள் அடங்கும். ஆகவே ஆங்கிலக் கடிதத்தை நம்பித் தமிழ்த் தலைப்பெழுத்தை உருவாக்காதீர்கள். அந்தப் பேராசிரியர் தமிழில் எழுதிய கட்டுரையோ நூலோ இருந்தால் அதில் தம் பெயரை எப்படிப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். அவர் கையெழுத்திடும் வடிவமே சரியான வடிவம். சிலர் தமிழ்ப் பேராசிரியராக இருந்தும் "எஸ்." என்றே வைத்திருப்பார்கள். அவரை "எஸ்." என்றுதான் சொல்ல வேண்டும். அதைத் தமிழாக்கிச் சொல்வது நம் உரிமை இல்லை.

குமரி மாவட்டத்துக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. திருவனந்தபுரம் நமக்கு ரயிலில் காலையில் ஏறி வைவாவுக்கு வந்துவிடக்கூடிய தூரம். 1956 நவம்பர் 1 வரை ஒரே ஆட்சியின் கீழ் இருந்த நிலம் வேறு. எனவே கேரளத்திலிருந்து தேர்வாளர் வருவது இங்கே புதிதல்ல. அங்கே பலர் தலைப்பெழுத்தைப் பெயருக்குப் பின்னால் வைப்பார்கள். அதை முன்னால் தூக்கிப் போடாமல் அவர் வைத்த இடத்திலேயே வைத்துச் சொல்லுங்கள். பெயரில் ஷ, ஸ, ஜ, ஹ இருந்தால் அந்த ஒலியோடு சொல்லுங்கள். ஆய்வேட்டில் "சாசி" என்று எழுதுவது உங்கள் துறையின் மரபாக இருக்கலாம், ஆனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரை "ஷாஜி" என்றுதான் அழைக்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தவர்களுக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு என்பதால் வணக்கத்துக்குப் பதில் "நமஸ்காரம்" என்று தொடங்கி இரண்டு வாக்கியம் மலையாளத்தில் பேசியதையும் கேட்டிருக்கிறேன். என் கருத்தில் அது வேண்டாம். தேர்வு எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியிலேயே வணங்குங்கள். தேநீர் இடைவேளையில் மலையாளத்தில் பேசிக்கொள்ளலாம்.

பதவியையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டும். கல்லூரி இணையதளங்களில் சில ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியல்கூட அப்படியே இருக்கும். உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆகியிருப்பார், துறைத்தலைவர் பணி ஓய்வு பெற்றிருப்பார். பணி ஓய்வு பெற்றவரை "மேனாள் துறைத்தலைவர்" என்று சொல்லலாம். ஒருவரின் பதவி உறுதியாகத் தெரியாவிட்டால் "பேராசிரியர்" என்ற பொதுச் சொல் கைகொடுக்கும். பேச்சில் கல்லூரி ஆசிரியர் எல்லாரையும் அப்படிச் சொல்வது வழக்கம்தான், யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: பெயருக்கு முன்னால் என்ன போடுவது

"முனைவர்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் "டாக்டர்" வேண்டாம், "திரு" வேண்டாம், "திருமதி" வேண்டாம். அழைப்பிதழ்களில் "முனைவர் திருமதி" என்று அச்சடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆண் பேராசிரியருக்கு "முனைவர் திரு" என்று யாரும் போடுவதில்லை. அப்படியிருக்க, பெண் பேராசிரியருக்கு மட்டும் திருமணச் செய்தியைச் சேர்ப்பது ஏன்? விட்டுவிடுங்கள். "பேராசிரியர் முனைவர் இன்னார்" என்பது சரி, ஏனென்றால் ஒன்று பதவி, மற்றது பட்டம்.

அடைமொழி ஒன்று போதும்: "மதிப்பிற்குரிய". இதைப் புறத்தேர்வாளருக்குச் சொல்லுங்கள். முதல்வருக்குப் "பெருமதிப்பிற்குரிய", நெறியாளருக்குப் "போற்றுதலுக்குரிய", துறைத்தலைவருக்கு "அன்பிற்குரிய" என்று ஆளுக்கொன்றாகப் போட்டால் கேட்பவர்கள் மனத்தில் அது ஒரு தரவரிசையாக விழும். பெருமதிப்பு ஒருவருக்கு, வெறும் மதிப்பு இன்னொருவருக்கா என்ற கேள்வி அங்கேயே எழும். "மாண்புமிகு" அமைச்சர்களுக்கும், "மாண்பமை" துணைவேந்தருக்கும் நீதிபதிக்கும் வழங்குவது. தேர்வாளர் எவ்வளவு பெரிய அறிஞரானாலும் அந்த இரண்டும் அவருக்குப் பொருந்தாது.

நம் மாவட்டத்தில் கிறித்தவக் கல்லூரிகள் நிறைய. முதல்வரோ செயலரோ குருவானவராகவோ அருட்சகோதரியாகவோ இருக்கலாம். கத்தோலிக்கக் குருவுக்கு "அருட்பணி" என்றும் "அருட்தந்தை" என்றும், சி.எஸ்.ஐ. ஆயருக்குக் கீழுள்ள போதகர்களுக்கு "அருள்திரு" என்றும் வழங்கும் பழக்கம் உண்டு. முனைவர் பட்டமும் பெற்றவரை "அருட்முனைவர்" என்று ஒரே சொல்லாகச் சொல்லும் இடங்களும் உண்டு. இதில் நீங்களாக முடிவு செய்ய வேண்டியதில்லை. அந்தக் கல்லூரியின் சமீபத்திய அழைப்பிதழ் ஒன்றை எடுத்து, அதில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே வாசியுங்கள்.

உங்கள் பெயருக்கு முன்னால் எதுவும் வேண்டாம். முதல் ஸ்லைடில்கூட "முனைவர் பட்ட ஆய்வாளர்" என்று பெயருக்குக் கீழே இருக்கட்டும். பட்டம் பரிந்துரைக்கப்படும் முன்பே பெயரோடு "முனைவர்" சேர்ந்த பேனரை நண்பர்கள் ஆர்வத்தில் வைத்துவிடுவார்கள். வாசலில் அப்படி ஒன்று இருந்தால் தேர்வாளர் வருவதற்குள் எடுக்கச் சொல்லுங்கள்.

படி 4: வரிசை

என் தெளிவான கருத்து: முதலில் புறத்தேர்வாளர். அடுத்து, குழுவின் ஒருங்கிணைப்பாளரான நெறியாளர். பல்கலைக்கழகத்தின் சார்பில் யாராவது வந்திருந்தால் இவர்கள் இருவருக்கும் நடுவில் அவர். அதன் பிறகு முதல்வர், துறைத்தலைவர், ஆலோசனைக் குழு உறுப்பினர்கள், பேராசிரியர்கள், ஆய்வாளர்கள்.

இதில் இடறும் இடம் முதல்வர். தினமும் பார்க்கும் முதல்வர் முன்வரிசையில் இருக்கும்போது அவரை மூன்றாவதாகச் சொல்ல ஆய்வாளருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் இது கல்லூரி விழா அல்ல, பல்கலைக்கழகத் தேர்வு. தேர்வை நடத்துபவர் முதலில் வருவதை எந்த முதல்வரும் தவறாக நினைக்க மாட்டார். ஒரு விதிவிலக்கு உண்டு. தொடக்க நிகழ்ச்சிக்கு முதல்வர் தலைமை தாங்கி, நீங்கள் பேசத் தொடங்கும்போதும் தலைமை இருக்கையிலேயே அமர்ந்திருந்தால், "தலைமை ஏற்றிருக்கும் முதல்வர்" என்று அவரை முதலில் விளிப்பதுதான் அவை முறை. அவர் வாழ்த்திவிட்டுக் கிளம்பியிருந்தால் பெயரையே சொல்ல வேண்டாம். காலி நாற்காலிக்கு வணக்கம் சொல்லி, அவை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததை நான் ஒருமுறை பார்த்தேன்.

குடும்பத்தாரைத் தொடக்கத்தில் விளிக்க வேண்டாம். அம்மா, அப்பா, மாமனார், மாமியார் எல்லாரும் வந்து பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும். முடிவில் நன்றி சொல்லும்போது அவர்களை ஆர அமரச் சொல்லலாம்.

படி 5: "அவர்களே"யா, "அவர்களுக்கு"ஆ?

தமிழில் வணக்கம் சொல்ல இரண்டு வழி உண்டு. விளித்துச் சொல்வது ஒன்று: "இன்னார் அவர்களே, இன்னார் அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்." வேற்றுமை உருபோடு சொல்வது மற்றொன்று: "இன்னார் அவர்களுக்கும், இன்னார் அவர்களுக்கும் என் வணக்கம்." இரண்டும் சரி. தவறு வருவது இரண்டையும் கலக்கும்போது. "புறத்தேர்வாளர் இன்னார் அவர்களே, என் நெறியாளர் அவர்களுக்கும், பேராசிரியர் பெருமக்களே..." என்று போனால் வாக்கியம் எங்கே முடிவது என்று சொல்பவருக்கே தெரியாது. தமிழ்த்துறை வைவாவில் தேர்வாளரின் காதில் இது உடனே விழும்.

நான் விளியையே பரிந்துரைப்பேன். விளி வடிவில் ஒவ்வொரு பெயரும் தனியாக நிற்கிறது. சொல்லிவிட்டு அவரைப் பார்க்கலாம், மூச்சு விடலாம். நடுவில் ஒரு பெயர் மறந்து போனாலும் வாக்கியம் உடையாது, அடுத்தவருக்குப் போய்விடலாம். "அவர்களுக்கும்" வடிவில் கடைசி "வணக்கம்" வரும்வரை எல்லாப் பெயர்களையும் ஒரே வாக்கியமாகச் சுமந்துகொண்டு போக வேண்டும். மூன்று பேர் மட்டும் இருக்கும் சிறிய அவைக்கு அது பரவாயில்லை.

"வணக்கம்" ஒருமுறை மட்டும், கடைசியில். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு வணக்கம் வைத்தால் எட்டுப் பேருக்கு எட்டு முறை கை கூப்ப வேண்டியிருக்கும்.

ஒரு மாதிரி

நாகர்கோவிலில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறை என்று வைத்துக்கொள்வோம். குமரி மேற்குக் கடற்கரை ஊர்களின் மீன்பிடிச் சொற்கள் பற்றிய ஆய்வு. புறத்தேர்வாளர் திருவனந்தபுரத்திலிருந்து வந்திருக்கிறார். நெறியாளரே ஒருங்கிணைப்பாளர். முதல்வர் ஒரு குருவானவர், அவையில் அமர்ந்திருக்கிறார், தலைமை தாங்கவில்லை. ஆலோசனைக் குழு உறுப்பினர்கள் இருவரும் வந்திருக்கிறார்கள். தொடக்கம் இப்படி அமையும்:

"இந்த வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக வந்திருக்கும் மதிப்பிற்குரிய பேராசிரியர் முனைவர் இன்னார் அவர்களே, தேர்வுக் குழுவின் ஒருங்கிணைப்பாளரும் என் நெறியாளருமான முனைவர் இன்னார் அவர்களே, கல்லூரி முதல்வர் அருட்பணி முனைவர் இன்னார் அவர்களே, தமிழ்த்துறைத் தலைவர் முனைவர் இன்னார் அவர்களே, ஆய்வு ஆலோசனைக் குழு உறுப்பினர்களான முனைவர் இன்னார் அவர்களே, முனைவர் இன்னார் அவர்களே, பேராசிரியர் பெருமக்களே, ஆய்வாளர்களே, அனைவருக்கும் என் வணக்கம். நான் இன்னார். 'குமரி மேற்குக் கடற்கரை ஊர்களின் மீன்பிடிச் சொற்கள்' என்னும் தலைப்பில் செய்த ஆய்வின் சுருக்கத்தைத் தங்கள் அனுமதியுடன் முன்வைக்கிறேன்."

நிதானமாகச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல்வர் வராவிட்டால் அவருடைய வரியை அப்படியே உருவிவிடலாம், மற்றது எதுவும் மாறாது. துறைத்தலைவரே உங்கள் நெறியாளராகவும் இருந்தால் அவரை இரண்டு முறை விளிக்க வேண்டாம். "தமிழ்த்துறைத் தலைவரும் தேர்வுக் குழுவின் ஒருங்கிணைப்பாளரும் என் நெறியாளருமான" என்று ஒரே விளிக்குள் அடக்குங்கள்.

கடைசி வரியில் "தங்கள்" என்று இருப்பதைக் கவனியுங்கள். தொடக்கத்துக்கு அந்த மரியாதை பொருந்தும். கேள்வி-பதிலிலும் "தாங்கள்", "தங்கள்" என்றே போனால் பேச்சு விறைத்துவிடும். அங்கே "நீங்கள் கேட்டது சரிதான் ஐயா" என்று இயல்பாகப் பேசலாம். "ஐயா", "அம்மா" என்பதா, "சார்", "மேடம்" என்பதா என்றால், தமிழ்த்துறையில் முன்னது நன்றாக அமையும். நெறியாளரை இத்தனை ஆண்டுகள் "சார்" என்று அழைத்துவிட்டு அன்று மட்டும் "ஐயா" என்றால் வாயில் ஒட்டாதுதான். ஆனால் ஒரே மூச்சில் தேர்வாளருக்கு ஐயாவும் நெறியாளருக்குச் சாருமாகக் கலக்காமல் அன்றைக்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: அட்டையும் கையும்

உள்ளங்கை அளவு தடித்த அட்டை ஒன்றில் பெயர்களை மட்டும் எழுதுங்கள். வரிக்கு ஒரு பெயர், பெரிய எழுத்து, தலைப்பெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. முழு வாக்கியத்தையும் எழுதினால் தலை குனிந்து வாசிக்கத்தான் தோன்றும். பெயர் மட்டும் இருந்தால் கண்ணை ஒருமுறை தாழ்த்தி எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, அந்த ஆளைப் பார்த்துச் சொல்லலாம். போனில் எழுதி வைக்காதீர்கள். திரை அணையும், நடுவில் யாராவது அழைப்பார்கள்.

நெறியாளர் "ஆய்வாளர் தம் ஆய்வை முன்வைக்கலாம்" என்று அழைக்கும்வரை உட்கார்ந்திருங்கள். அழைத்ததும் எழுந்து மேசைக்குப் போய், ஸ்லைடு மாற்றும் ரிமோட்டைக் கையில் எடுக்காமல் மேசைமேலேயே விட்டுவிடுங்கள். கையில் அது இருந்தால் கை கூப்பும்போது விரல்களுக்கு நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும், பொத்தான் அழுந்தி மூன்றாவது ஸ்லைடு வந்து நிற்கும். இதைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். கையடக்க மைக்காக இருந்தால் முழுதாகக் கை கூப்ப முடியாது. மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கூப்புங்கள், அல்லது தலையை லேசாகத் தாழ்த்தினால் போதும்.

விளிக்கும்போது அவரவர் இருக்கும் திசையைப் பாருங்கள். கை கூப்புவது கடைசி "வணக்கம்" வரும்போது ஒரே ஒருமுறை. தேர்வாளரின் காலைத் தொட்டு வணங்குவது தேர்வு தொடங்கும் முன் வேண்டாம். முடிவை அறிவித்த பிறகு அவர் முன்னால் போய் நிற்பது உங்கள் விருப்பம்.

வீட்டில் இரண்டு முறையாவது சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். எங்கள் துறையில் ஒரு மூத்த ஆசிரியை தம் ஆய்வு மாணவர்களை முந்தின நாளே செமினார் ஹாலில் நிறுத்தி, காலி நாற்காலிகளில் பெயர் எழுதிய தாள்களை ஒட்டி, "மக்களே, இப்ப ஒவ்வொருத்தரையும் பார்த்துச் சொல்லு பாப்போம்" என்பார். அவருடைய மாணவர்கள் ஒருவரும் பெயரில் தடுமாறி நான் பார்த்ததில்லை.

தவறினால் என்ன செய்வது

பெயர் சட்டென்று வராவிட்டால் பதவியைச் சொல்லிக் கடந்துவிடுங்கள்: "மதிப்பிற்குரிய புறத்தேர்வாளர் அவர்களே." இதில் குறை ஒன்றும் இல்லை. தவறான பெயரைச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். தவறாகச் சொல்லிவிட்டதை நீங்களே உணர்ந்தால், "பொறுத்தருள்க, முனைவர் இன்னார் அவர்களே" என்று சரியான பெயரை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டு மேலே போங்கள். மன்னிப்பை நீட்டினால் அவையின் கவனம் அந்தத் தவறிலேயே நின்றுவிடும்.

தேர்வாளர் நடுவிலேயே கை காட்டி, "வணக்கமெல்லாம் போதும், ஆய்வுக்கு வாங்க" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். "நன்றி ஐயா, அனைவருக்கும் வணக்கம்" என்று முடித்துத் தலைப்புக்கு வந்துவிடுங்கள். விட்ட பெயர்களைச் சொல்லி முடிக்கப் பார்க்காதீர்கள். பேச்சின் நடுவில் முதல்வரோ வேறு பேராசிரியரோ உள்ளே வந்தால் அந்த வாக்கியத்தை முடித்துத் தலையசைத்துவிட்டுத் தொடருங்கள். மறுபடி விளிக்க வேண்டியதில்லை.

இணையவழி வைவா

புறத்தேர்வாளர் கூகுள் மீட்டில் இருந்தால் வணக்கத்துக்கு முன்னால் ஒரு வரி சேர்கிறது: "ஐயா, என் குரல் தெளிவாகக் கேட்கிறதா?" அவர் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். கேட்காமலேயே முழு வணக்கத்தையும் சொல்லி முடித்து, "கொஞ்சம் மறுபடி சொல்லுங்க, ஒண்ணும் கேக்கல" என்று வந்தால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். கை கூப்பும்போது கேமராவைப் பாருங்கள், திரையை அல்ல. ஹாலில் இருப்பவர்கள் திரையில் தெரிய மாட்டார்கள் என்பதால், அவர்களைப் பெயர் சொல்லி விளிப்பது தொலைவில் இருக்கும் தேர்வாளருக்கும் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறது. நேரில் நடக்கும் வைவாவைவிடப் பெயர்கள் இங்கே உண்மையாகவே தேவைப்படுகின்றன.

ஆங்கிலத்தில் நடக்கும் வைவா

அறிவியல், வணிகவியல் துறைகளில் முன்வைப்பு ஆங்கிலத்தில் இருக்கும். வரிசை அதேதான், பெயர் பற்றிச் சொன்னதும் அப்படியே பொருந்தும். நீளம் மட்டும் குறையும். தமிழில் விளிகளை அடுக்கினால் காதுக்கு இதமாக இருக்கும், ஆங்கிலத்தில் அப்படி அடுக்கினால் இழுவையாகிவிடும். புறத்தேர்வாளர், நெறியாளர், முதல்வர் மூவரையும் பெயரோடு சொல்லி, மற்றவர்களைக் குழு உறுப்பினர்கள், பேராசிரியர்கள், நண்பர்கள் என்று தொகுத்துவிடுங்கள். "குட் மார்னிங்" சொல்வதானால் மணியைப் பாருங்கள். பதினொரு மணி வைவா தேர்வாளரின் ரயில் தாமதத்தால் பன்னிரண்டரைக்குத் தொடங்குவது நமக்குப் பழகியதுதான். அட்டையில் எழுதியதை அப்படியே வாசித்தால் மதிய நேரத்தில் காலை வணக்கம் வந்து விழும். "வணக்கம்" என்று ஒரு சொல்லைத் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதை நம் ஊரில் எந்தத் தேர்வாளரும் விரும்பியே கேட்பார், அதற்குக் காலையும் மாலையும் கிடையாது.

வணக்கம் முடிந்ததும் அட்டையை மேசையில் போட்டுவிடாமல் பையில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவை அறிவித்த பின் நன்றி சொல்ல அழைப்பார்கள். அப்போது இதே பெயர்கள் இன்னொரு முறை வேண்டும், கூடவே தட்டச்சு செய்து கொடுத்தவர், நூலகர், வீட்டார் பெயர்களும். அவற்றை அட்டையின் பின்புறத்தில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். அந்த நேரத்தின் மகிழ்ச்சியில் சொந்தத் தங்கை பெயர்கூட நினைவுக்கு வராது.